அரை டிகிரி தப்பியதால் மறைந்திருந்த கோடு

நான் தயாரித்த ஒரு வெள்ளைத் தூளின் கார்பன் நிறமாலையை, காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் ரேடியோ சிக்னலைப் படிக்கும் என்எம்ஆர் கருவியில், கரைக்காமல் திடநிலையிலேயே எடுத்தேன். ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கார்பனைல் கார்பன் வரவேண்டிய இடத்தில், கோடுகளின் இடத்தைக் குறிக்கும் அளவுகோலில் 170 பிபிஎம் பக்கத்தில், மொத்தையாக ஒரு கோடு வந்தது. அதே பொருளைக் கரைசலில் எடுத்தபோது அந்தக் கோடு ஊசி மாதிரி இருந்தது. தூள் சரியாகப் படிகமாகவில்லை என்று முடிவு கட்டி, மறுபடி படிகமாக்கி, உலர்த்தி, நான்கு நாள் கழித்து மீண்டும் எடுத்தேன். அதே மொத்தைதான் வந்தது.

ஆய்வகத்தில் கருவியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா திரையை ஒரு நிமிடம் பார்த்தார். "தூளைக் குறை சொல்றதுக்கு முன்னாடி கிளைசினைப் போட்டுப் பாரு தம்பி" என்றார்.

கிளைசின் ஒரு எளிய அமினோ அமிலம், அதில் இரண்டே கார்பன்கள். ஒன்று CH₂, 44 பிபிஎம் அருகே வரும். இன்னொன்று கார்பனைல், 176 அருகே வரும். தூளை நன்றாக அரைத்து, ரோட்டர் எனப்படும் சுழலும் குழாயில், 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிர்கோனியாக் குழாய் அது, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் அழுத்தி நிரப்பினேன். ஒரு பக்கம் கனமாக இருந்தால் ரோட்டர் தடுமாறும், வேகம் நிலையாக நிற்காது. அடிப்பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் அரை வட்டம் வரைய வேண்டும். அந்தக் கோடு கடந்து போவதை எண்ணித்தான் கருவி வேகத்தைக் கணக்கிடுகிறது. நொடிக்கு 10,000 சுற்று, அதாவது 10 கிலோஹெர்ட்ஸ். அந்த வேகத்தில் ரோட்டரின் ஓரம் நொடிக்கு சுமார் 126 மீட்டர் ஓடுகிறது.

நிறமாலை வந்தது. CH₂ கோடு நன்றாக இருந்தது. கார்பனைல் மட்டும் ஒரு பக்கம் சரிந்து, சுமார் 200 ஹெர்ட்ஸ் அகலத்தில் நின்றது. இந்த வித்தியாசம்தான் துப்பு என்று அக்கா காட்டினார். ஹைட்ரஜன்களின் தொல்லையை அடக்கும் ரேடியோ அலை போதவில்லை என்றால் முதலில் அகலமாவது CH₂தான், ஏனென்றால் ஹைட்ரஜன் அதன் மேலேயே ஒட்டியிருக்கிறது. கார்பனைலில் ஹைட்ரஜன் இல்லை. அது மட்டும் கெடுகிறது என்றால் சந்தேகிக்க வேண்டியது, ரோட்டரின் அச்சு காந்தப்புலத்துக்குச் சாய்ந்திருக்கும் கோணத்தை.

கோணம் ஏன் அப்படிச் செய்கிறது என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன். கார்பனைல் கார்பனைச் சுற்றி எலக்ட்ரான்கள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லை. மூலக்கூறு காந்தப்புலத்துக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதைப் பொறுத்துக் கோட்டின் இடம் மாறும். கிளைசினில் இந்த மாற்றம் சுமார் 140 பிபிஎம் வரை போகிறது. எங்கள் 9.4 டெஸ்லா காந்தத்தில் அது கிட்டத்தட்ட 14,000 ஹெர்ட்ஸ். தூளில் ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு பக்கம் பார்ப்பதால், சுழற்றாமல் எடுத்தால் அந்த 14,000 ஹெர்ட்ஸும் ஒரே மேடாகப் பரவிவிடும். கரைசலில் மூலக்கூறு தானாகவே உருண்டு புரண்டு எல்லாத் திசையையும் சராசரியாக்கிவிடுகிறது. திடப்பொருளில் அந்த வேலையை நாம் செய்ய வேண்டும்.

ஆனால் தூளை எல்லாப் பக்கமும் உருட்ட முடியாது, ஒரே அச்சில்தான் சுழற்ற முடியும். ஒரே அச்சு எப்படிப் போதும்? ஒரு கனசதுரப் பெட்டியை எடுத்து, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு உள்ளாக ஒரு கம்பியைச் செருகிப் பாருங்கள். கம்பி தொடங்கும் மூலையில் மூன்று விளிம்புகள் சந்திக்கின்றன. மூன்றும் கம்பியிலிருந்து ஒரே கோணத்தில், 54.74 டிகிரியில், விலகி நிற்கும். இப்போது பெட்டியைக் கம்பியில் சுழற்றினால், ஒவ்வொரு 120 டிகிரிக்கும் ஒரு விளிம்பு இருந்த இடத்துக்கு அடுத்த விளிம்பு வந்து நிற்கும்.

காந்தப்புலம் அந்த விளிம்புகளில் ஒன்றின் திசையில் இருப்பதாக வையுங்கள். பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் மூலக்கூறு ஒரு சுற்றில் காந்தப்புலத்தை ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளிலிருந்தும் பார்த்துவிடுகிறது. செங்குத்தான எந்த மூன்று திசைகளை எடுத்தாலும், அவற்றில் அளந்த மதிப்புகளின் சராசரி ஒன்றேதான். அதுதான் கரைசலில் வரும் மதிப்பின் இணை. ஒரு முழுச் சுற்று என்பது இப்படிப்பட்ட மும்மூன்று திசைகளின் தொகுப்பு. அதனால் முழுச் சுற்றின் சராசரியும் அதே எண். துகள் ஆரம்பத்தில் எந்தப் பக்கம் பார்த்திருந்தாலும் கவலையில்லை. எல்லாத் துகள்களும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன, மேடு கோடாகிறது. 1958இல் வேல்ஸின் பாங்கோரில் ஆண்ட்ரூ, பிராட்பரி, ஈட்ஸ் மூவரும் சோடியம் குளோரைடு படிகத்தைச் சுழற்றி இதைக் காட்டினார்கள். அடுத்த வருடமே அமெரிக்காவில் லோ தனியாக இதையே செய்தார்.

கோணம் கொஞ்சம் தப்பினால் அந்த மூன்று திசைகளும் செங்குத்தாக இருப்பதில்லை, ஒரு மிச்சம் தங்கிவிடும். அச்சின் சாய்வுக் கோணம் θ என்றால், எவ்வளவு மிச்சம் என்பதை இது சொல்லும்:

```
(3cos²θ − 1) / 2
```

54.74இல் இது பூச்சியம். அரை டிகிரி தப்பினால் 0.012. கேட்கச் சின்னதுதான், ஆனால் 14,000 ஹெர்ட்ஸால் பெருக்கினால் 170 ஹெர்ட்ஸ் வருகிறது. என் கிளைசின் கோட்டின் அகலத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. CH₂இன் பரவல் இதைவிட மிகக் குறைவு, அதனால் அது தப்பித்திருக்கிறது.

சரி, கோணத்தைத் திருத்த வேண்டும். இதற்குப் பொட்டாசியம் புரோமைடு. புரோமின்-79இன் அதிர்வெண் கார்பனுடையதற்குப் பக்கத்திலேயே இருப்பதால், ரோட்டரைத் தாங்கிச் சிக்னலைப் பிடிக்கும் அதே புரோப் போதும். அந்தக் கருவின் சிக்னலில் ஒரு பகுதி, துகளின் திசையைப் பொறுத்து மிக அகலமாகப் பரவியிருப்பதால் கோணப் பிழையை உடனே காட்டிக்கொடுக்கும். 5 கிலோஹெர்ட்ஸில் சுழற்றி, நிறமாலையாக மாற்றாமல் சிக்னலை அப்படியே திரையில் ஓடவிட்டோம். ரோட்டர் ஒரு சுற்று முடித்துப் பழைய இடத்துக்கு வரும்போதெல்லாம், அதாவது 200 மைக்ரோநொடிக்கு ஒருமுறை, ஒரு முள் எழும்பும். எங்களுக்கு 3 மில்லிநொடியிலேயே முட்கள் அடங்கிவிட்டன, பதினைந்தைத் தாண்டவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் தங்கும் மிச்சம் சேர்ந்து சேர்ந்து அவற்றை அழித்துக்கொண்டிருந்தது.

புரோப்பின் அடியில் உள்ள திருகை மெல்லத் திருப்பினேன். முட்கள் நீண்டன, அப்புறம் குறைந்தன. தாண்டிவிட்டேன். திருகில் கொஞ்சம் ஆட்டம் இருப்பதால் வந்த வழியே திரும்பினால் அதே இடம் கிடைக்காது. நிறையப் பின்னுக்குப் போய், ஒரே பக்கமிருந்து நெருங்க வேண்டும். மூன்றாவது முயற்சியில் முட்கள் 10 மில்லிநொடி வரை, ஏறத்தாழ ஐம்பது, வரிசையாக நின்றன. புரோப்பைக் கழற்றி மாட்டும்போது கோணம் நகர்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு யாரும் சரிபார்க்கவில்லை, நானும்தான்.

கிளைசினின் கார்பனைல் 50 ஹெர்ட்ஸுக்குள் வந்தது. உடனே என் தூளைப் போட்டேன். அந்த மொத்தைக் கோடு இருந்த இடத்தில் இரண்டு கோடுகள், 1.2 பிபிஎம் இடைவெளியில். சுழற்சியால் வரும் பக்கக் கோடு ஏதாவது அங்கே விழுந்திருக்குமோ என்று 8 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பார்த்தேன். பக்கக் கோடுகள் எப்போதும் நடுக் கோட்டிலிருந்து சுழல் வேகம் அளவுக்கோ அதன் மடங்குகளிலோ தள்ளி நிற்பவை, வேகத்தை மாற்றினால் நகரும். இந்த இரண்டும் அசையவில்லை.

பழைய தொகுதி, மறுபடி படிகமாக்கிய தொகுதி இரண்டையும் தனித்தனியாக எடுத்தேன். இரண்டிலும் அந்தக் கோடுகள் ஒன்றுக்கொன்று சம உயரம். இரு வேறு படிக வடிவங்கள் கலந்திருந்தால் தொகுதிக்குத் தொகுதி விகிதம் மாறியிருக்கும். ஒரே படிகத்தில், சற்றே மாறுபட்ட சூழலில் இரண்டு மூலக்கூறுகள் உட்கார்ந்திருக்கின்றன என்றே இப்போது நினைக்கிறேன். எக்ஸ்ரேக்கு ஏற்ற ஒரு தனிப் படிகத்துக்காகக் குடுவையை மூடி வைத்திருக்கிறேன்.