வராத ஸ்டைபெண்டை எழுத்தால் கேட்டுப் பெற்ற அனுபவம்

2024 ஜனவரி முதல் மார்ச் வரை கோயம்புத்தூரில் உள்ள ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்தேன். மாதம் 8,000 ரூபாய் ஸ்டைபெண்ட் என்றும், பயிற்சியை வெற்றிகரமாக முடித்தபின் மொத்தமாக வழங்கப்படும் என்றும் ஆஃபர் மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். பயிற்சி முடிந்து சான்றிதழும் கைக்கு வந்துவிட்டது. 24,000 ரூபாய் மட்டும் வரவில்லை. கேட்டபோதெல்லாம் "அடுத்த வாரம்" என்ற பதிலே கிடைத்தது. பின்னர் ஆஃபர் அனுப்பிய எச்.ஆர். அலுவலர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். அவர் போய்விட்டால் வாக்குறுதியும் போய்விட்டது என்பதுபோல அவர்கள் பேசிய தொனிதான், வாட்ஸ்அப்பை நிறுத்திவிட்டு முறையாக எழுத வேண்டும் என்று என்னை முடிவெடுக்க வைத்தது.

வழக்கறிஞராக இருக்கும் என் சித்தப்பா, கடிதம் எழுதுவதற்கு முன்பாக ஆவணங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கச் சொன்னார். ஆஃபர் மின்னஞ்சல் வெறும் அறிவிப்பு. அதற்கு "ஏற்றுக்கொள்கிறேன்" என்று நான் அனுப்பிய பதிலும் சேரும்போதுதான் அது ஒப்பந்தமாகிறது. முத்திரைத்தாளில் கையெழுத்து இல்லையே என்று நான் தயங்கியபோது, மின்னஞ்சல் வழியாக உருவான ஒப்பந்தம் என்ற ஒரே காரணத்துக்காக அதைச் செல்லாது என்று சொல்ல முடியாது என்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10A பிரிவு தெளிவாகவே சொல்கிறது என்றார். நல்லவேளையாக அந்த மின்னஞ்சல்கள் என் சொந்த முகவரிக்கு வந்திருந்தன. நிறுவனம் கொடுத்த முகவரிக்கு வந்திருந்தால், பயிற்சி முடிந்த அன்றே கணக்கை மூடியிருப்பார்கள். அத்தகைய நிலையில் இருப்பவர்கள் கடைசி நாளுக்கு முன்பே அவற்றைத் தங்கள் முகவரிக்கு அனுப்பி வைத்துக்கொள்வது அவசியம்.

அடுத்தது சான்றிதழ். அதை நாம் சாதாரணமாக வேலை தேடுவதற்கான காகிதமாக மட்டுமே பார்க்கிறோம். ஆனால் என் விவகாரத்தில் முழு வாதமும் அதன் ஒரு வரியில்தான் இருந்தது. ஆஃபர் மின்னஞ்சல் பணத்துக்கு விதித்த நிபந்தனை, பயிற்சியை வெற்றிகரமாக முடிப்பது. சான்றிதழோ, நான் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பயிற்சியை வெற்றிகரமாக முடித்தேன் என்று இயக்குநரின் கையொப்பத்துடனும் நிறுவன முத்திரையுடனும் சொல்கிறது. அவர்கள் விதித்த ஒரே நிபந்தனை நிறைவேறிவிட்டதென்று அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இதே காரணத்தால், சான்றிதழை வாங்கும்போது அதில் "ஊதியமற்ற பயிற்சி" என்றோ, சான்றிதழோடு கையெழுத்துக் கேட்கும் தாளில் "எந்தப் பாக்கியும் இல்லை" என்றோ சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு வரி இருந்தால் நம் கோரிக்கை வெகுவாகப் பலவீனமாகிவிடும். மூன்றாவதாக ஒரு சிறிய சான்றும் இருந்தது. பயிற்சியின் கடைசி வாரத்தில் ஸ்டைபெண்டுக்காக என்று குறிப்பிட்டு, பான் எண்ணும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகலும் கேட்டு அனுப்பியிருந்த மின்னஞ்சல் அது.

கடிதத்தைப் புதிய மின்னஞ்சலாக அனுப்பாமல், பழைய ஆஃபர் மின்னஞ்சலுக்கான பதிலாகவே அனுப்பினேன். இதனால் அவர்கள் எழுதியது கடிதத்துக்குக் கீழேயே இருந்தது. தேடிப் பார்க்கிறோம் என்று தள்ளிப்போட வழியில்லை. எச்.ஆர்., கணக்குப் பிரிவு, சான்றிதழில் கையொப்பமிட்ட இயக்குநர் ஆகிய மூவருக்கும் அது சென்றது. ஆஃபர் வாசகத்தையும் சான்றிதழ் வாசகத்தையும் ஒரு சொல்லும் மாற்றாமல் அடுத்தடுத்து மேற்கோள் காட்டினேன். பிறகு மூன்று மாதங்களுக்கு, மாதம் 8,000 வீதம் 24,000 ரூபாய் என்ற கணக்கையும், என் வங்கி விவரத்தையும், பதினைந்து நாள் தள்ளி ஒரு தேதியையும் குறிப்பிட்டேன். அந்தத் தேதிக்குப் பிறகு வட்டியும் கோருவேன் என்ற வரியைச் சித்தப்பா சேர்க்கச் சொன்னார். வட்டி கோரப்படும் என்று எழுத்தில் முன்கூட்டியே தெரிவித்திருந்தால், பின்னாளில் நீதிமன்றம் வட்டி வழங்குவதற்கு 1978-ஆம் ஆண்டின் வட்டிச் சட்டம் இடம் தருகிறது. என் குடும்பச் சூழலையோ, நான் பட்ட மனவருத்தத்தையோ அதில் எழுதவில்லை. சமூக ஊடகத்தில் எழுதிவிடுவேன் என்ற மிரட்டலும் கூடாது என்பது என் கருத்து. பணத்தைப் பற்றிய பேச்சை அவதூறைப் பற்றிய பேச்சாக மாற்றிக்கொள்ள நாமே அவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்ததாகிவிடும்.

வந்த பதில் நான் எதிர்பார்த்ததுதான். ஸ்டைபெண்ட் என்பது செயல்திறன் மதிப்பீட்டைப் பொறுத்தது என்றும், நான் எழுதிய பகுதி இறுதிப் பயன்பாட்டில் சேர்க்கப்படவில்லை என்றும் சொல்லியிருந்தார்கள். அப்படியொரு நிபந்தனை ஆஃபர் மின்னஞ்சலின் எந்த வரியில் உள்ளது என்று சுட்டிக்காட்டுமாறு மட்டும் கேட்டுப் பதில் எழுதினேன். அதற்கு எழுத்தில் பதில் வரவில்லை. தொலைபேசி அழைப்புதான் வந்தது. பாதித் தொகையை வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளலாமே, அம்மா என்று கனிவாகவே கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று கூறிவிட்டு, அழைப்பு முடிந்ததும், இன்று தொலைபேசியில் 12,000 ரூபாய் தர முன்வந்தீர்கள், நான் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பி வைத்தேன். ஒன்றும் தர வேண்டியதில்லை என்று நினைப்பவர்கள் பாதியைத் தர முன்வர மாட்டார்கள் அல்லவா?

குறித்த தேதி கடந்ததும் அதே கடிதத்தை அச்சிட்டு, ஆஃபர் மின்னஞ்சல், என் ஏற்பு, சான்றிதழ், தொலைபேசிக்குப் பிந்தைய மின்னஞ்சல் ஆகியவற்றின் நகல்களோடு ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபாலில் அனுப்பினேன். (2025-இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், இப்போது அனுப்புகிறவர்கள் ஒப்புகை வசதியை அதில் கேட்டுப் பெற வேண்டும்.) முகவரியில்தான் கவனம் தேவைப்பட்டது. நாங்கள் வேலை செய்தது வாடகைக்கு எடுத்த ஒரு தளம். நிறுவனத்தின் பதிவு அலுவலகம் வேறு ஊரில் இருந்தது. நிறுவனங்கள் தங்கள் கடிதத்தாளில் பதிவு அலுவலக முகவரியையும் சி.ஐ.என். என்ற நிறுவன அடையாள எண்ணையும் அச்சிட வேண்டும் என்பது சட்டம் என்பதால், சான்றிதழின் அடியிலேயே இரண்டும் இருந்தன. அந்த எண்ணை நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் தேடி, முகவரி மாறவில்லை என்று உறுதிசெய்துகொண்டேன்.

அடுத்த நடவடிக்கையாக, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரச மனு அளிப்பேன் என்று கடிதத்தில் ஒரு வரி இருந்தது. இது வெற்று மிரட்டல் அல்ல. 24,000 ரூபாய்க்காக உரிமையியல் வழக்குத் தொடுப்பது கட்டணத்தாலும் காலத்தாலும் கட்டுப்படியாகாது. ஆனால் அந்த ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை வழக்குத் தொடர முடியும் என்பதால் எனக்கு அவசரமும் இல்லை. தொழிலாளர் துறையை நான் நாடாததற்குக் காரணம், கல்லூரி மாணவராகப் பயிற்சி பெற்றவர் தொழிலாளர் சட்டங்களின்படி தொழிலாளியா என்ற கேள்வியிலேயே விவகாரம் சிக்கிக்கொள்ளும் என்பதுதான். ஒப்பந்தப்படி தர வேண்டிய பணம் என்று கேட்டால் அந்தக் கேள்வி எழுவதில்லை.

ஒப்புகை அட்டை திரும்பி வந்த சில நாள்களில், இதுவரை வாய் திறக்காத இயக்குநரே மின்னஞ்சல் எழுதினார். செமஸ்டர் தேர்வுக்காக நான் எடுத்த ஆறு நாள் விடுப்புக்கு 1,600 ரூபாயைக் கழித்து, 22,400 ரூபாய் தருவதாகச் சொன்னார். விடுப்புக்குப் பிடித்தம் உண்டென்று ஆஃபரில் இல்லை; விடுப்புக்கு அவர்கள் அனுமதி அளித்த மின்னஞ்சலும் என்னிடம் இருந்தது. இருந்தாலும் அந்த 1,600 ரூபாய்க்காக மேலும் சில மாதங்கள் எழுதிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. ஆறு நாள் நான் வேலை செய்யவில்லை என்பதும் உண்மைதான். ஒப்புக்கொண்டேன். பாக்கி ஏதுமில்லை என்ற கடிதத்தில் முதலில் கையெழுத்திட்டு அனுப்புமாறு கணக்குப் பிரிவு கேட்டது. தொகை கணக்கில் வரவானபின் அனுப்புகிறேன் என்று பதில் எழுதினேன். பணம் வந்ததை வங்கிக் கணக்கில் பார்த்த பிறகே, பெற்ற தொகையையும் தேதியையும் குறிப்பிட்டு அந்தக் கடிதத்தை அனுப்பினேன்.