இரத்தசோகைக்கு மூன்று வரி

ஜூலை 8

செவிலியர் தேர்வுக்காக ஊட்டச்சத்துப் பாடத்தை ஒரே அட்டவணையாகச் சுருக்குகிறேன். சத்து, கிடைக்கும் உணவு, வேலை, குறைந்தால் தெரிவது என்று கட்டங்கள். ஏ, சி, டி வைட்டமின்கள் சீக்கிரம் முடிந்தன. மாலைக்கண், ஈறில் இரத்தக்கசிவு, குழந்தைகளுக்குக் கால் வளைவது என ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் இருக்கிறது. இரும்பு, ஃபோலேட், பி12 மூன்றுக்கும் கடைசிக் கட்டத்தில் 'இரத்தசோகை' என்றே வருகிறது. சோர்வு, வெளிறல், படி ஏறினால் மூச்சு வாங்குவது எல்லாம் மூன்றுக்கும் பொது. அப்படியே எழுதிவைத்தால் எதை வைத்துப் பிரிப்பது?

ஜூலை 9

'வேலை' கட்டத்தை முதலில் எழுதினேன், வழி கிடைத்தது. இரும்பு ஹீமோகுளோபினில் சேர்கிற பொருள். அது குறைந்தால் சிவப்பணு சிறுத்து வெளிறும், நாள்பட்டால் நகம் கரண்டி போலக் குழியும். ஃபோலேட்டும் பி12-உம் டி.என்.ஏ. உருவாகத் தேவை. அவை குறைந்தால் செல் சரியாகப் பிரிய முடியாமல் பெரிதாகவே வெளியே வரும். இரத்த அறிக்கையில் சிவப்பணுவின் சராசரி அளவைக் காட்டும் எம்.சி.வி. 80-க்குக் கீழே போனால் இரும்பையும், 100-ஐத் தாண்டினால் மற்ற இரண்டையும் முதலில் நினைக்க வேண்டும். இரும்பும் பி12-உம் சேர்ந்தே குறைந்தால் அளவு சாதாரணமாகக் காட்டிவிடும், அதனால் இதை மட்டும் நம்பக் கூடாது.

பி12-க்கு இன்னொரு வேலை உண்டு: நரம்பின் மேலுறையைக் காப்பது. கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது இரண்டையும் அந்த வரியில் சிவப்பு மையில் எழுதினேன்.

ஜூலை 10

உணவுக் கட்டம். இரும்புக்கு முருங்கைக்கீரை என்று எழுதி, பக்கத்திலேயே 'எலுமிச்சை சேர்த்தால் நன்கு உறிஞ்சப்படும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும்' என்று சேர்த்தேன். ஃபோலேட்டுக்குக் கீரையும் பயறும். பி12 கீரையில் கிடையாது. சாளை மீன், முட்டை, பால், தயிர்தான். கல்லீரலில் பி12 ஆண்டுக்கணக்கில் இருப்பு இருக்கும், ஃபோலேட் சில மாதத்தில் தீரும். அதனால் பி12 குறைவு மெதுவாகத்தான் தெரியவரும்.

ஜூலை 12

அம்பாசமுத்திரத்தில் ஆச்சி, "காலு மதமதன்னு இருக்கு பிள்ள" என்றாள். சுத்த சைவம், பாலும் தயிரும் பிடிக்காது. சர்க்கரைக்குப் பல வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாள், அதுவும் பி12 உறிஞ்சுவதைக் குறைக்கும். சர்க்கரையாலும் கால் மரக்கலாம். அதனால் ஊகிக்காமல் பி12 அளவைப் பார்க்கும்படி டாக்டரிடம் கேளுங்கள் என்று மாமாவிடம் சொன்னேன். யாரோ சத்துக்கு என்று ஃபோலிக் அமில மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதையும் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

இரவு பி12 வரியில் ஒன்று சேர்த்தேன்: 'ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறிவிடும், நரம்புச் சேதம் தொடரும்.'