பந்திகளைக் கோக்கும் வாக்கியம்

மேல் வகுப்பில் எங்களுக்குக் கட்டுரை கற்பித்த தமிழாசிரியர், நாங்கள் எழுதியதை முழுவதும் வாசிப்பதற்கு முன்னர், ஒவ்வொரு பந்தியின் முதல் வாக்கியத்தையும் தனித்தாளில் எழுதித் தரச் சொல்வார். அவ்வாக்கியங்களை வரிசை மாற்றி வாசிப்பார். மாற்றிய பின்னும் பொருள் கெடவில்லை என்றால், அது கட்டுரையன்று, குறிப்புகளின் தொகுப்பு என்பதே அவர் தீர்ப்பு. பிறருடைய அறிக்கைகளைத் திருத்துவதே தொழிலாகிவிட்ட எனக்கு, இதைவிட நம்பகமான சோதனை இன்றுவரை கிடைக்கவில்லை.

நூலகத்தை மாலையிலும் திறந்து வைக்க வேண்டும் என்று வகுப்புத் தோழர் ஒருவர் எழுதிய கட்டுரையை அவர் கரும்பலகையில் திருத்தியது நன்றாக நினைவிருக்கிறது. அதன் பந்திகள், ‘நூலகம் பகலில் மட்டுமே திறந்திருக்கிறது’, ‘மேலும், சிலருடைய வீட்டில் படிக்க இடமில்லை’, ‘மேலும், செலவையும் கருத வேண்டும்’ என்று தொடங்கின. மூன்றும் உண்மையே, ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. ‘மேலும்’ என்பது இன்னொன்று வருகிறது என்று மட்டுமே அறிவிக்கிறது, அது ஏன் இங்கே வருகிறது என்று சொல்வதில்லை. அதை நீக்கிவிட்டு ‘ஆகவே’ என்று எழுதினாலும், காரணம் இல்லாத இடத்தில் காரணம் தோன்றிவிடாது.

ஆசிரியர் முதல் வாக்கியத்தை, ‘பாடவேளை முழுவதும் மாணவர் வகுப்பில் இருப்பதால், பகலில் மட்டும் திறந்திருக்கும் நூலகம் அவர்களுக்கு ஏறத்தாழ மூடிய நூலகமே’ என்று மாற்றினார். இரண்டாவது, ‘இந்த இழப்பு, வீட்டில் அமைதியான இடம் இல்லாத மாணவரையே மிகுதியாகத் தாக்குகிறது’ என்றாயிற்று. மூன்றாவது, ‘அத்தகையோருக்கு முதலில் வேண்டியது இருந்து படிக்க ஓரிடமே என்பதால், வாசிப்பறையை மட்டும் திறந்தால் போதும், செலவும் அந்த அளவோடு நிற்கும்’ என்று முடிந்தது. இவற்றை இடம் மாற்றிப் பாருங்கள்: ‘இந்த இழப்பு’, ‘அத்தகையோருக்கு’ என்னும் சொற்கள் சுட்டுவதற்கு எதுவும் இராது. வாக்கியத்தின் முற்பகுதி முந்தைய பந்தியின் முடிவை ஒரு பெயர்ச்சொல்லில் சுருக்கி ஏந்திக்கொள்ள, பிற்பகுதி புதிய கூற்றை வைக்கிறது. வெறும் ‘இது’ என்று தொடங்குவதை அவர் ஏற்கமாட்டார். ஒரு பந்தி முழுவதிலும் எதை அது சுட்டுகிறது என்று வாசகர் தேட வேண்டியிருக்கும்.

தொடக்கத்தைத் திருத்தியதும் பந்தியின் உட்பகுதியும் தப்பவில்லை. இரண்டாம் பந்தியில் நூல்களின் எண்ணிக்கை பற்றி இரு வரிகள் இருந்தன. யார் அதிகம் இழக்கிறார் என்பதற்கு அவை விடை கூறாமையால் நீக்கப்பட்டன. தோழருக்கு அவ்வரிகளே மிகவும் பிடித்திருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

எல்லாப் பந்தியும் தன் கூற்றுடனேயே தொடங்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதில்லை. வாசகர் எளிதில் ஏற்காத கூற்றாயின், சான்றுகளை முன்வைத்துக் கூற்றைப் பந்தியின் இறுதிக்குக் கொண்டுசெல்ல அனுமதிப்பார். அப்போது தனித்தாளில் அந்த இறுதி வாக்கியத்தையே எழுதித் தர வேண்டும்.