கடிதத்தில் இல்லாத வரி

எங்கள் சாய ஆலையின் ஆய்வகப் பொறுப்பாளரை மீண்டும் பணிக்கு அழைத்து நான் தயாரித்த கடிதத்தில், "அந்த லாட் நிராகரிக்கப்பட்டதற்குத் தாங்கள் காரணம் அல்ல" என்ற வரியை முதலாளி அடித்துவிட்டார். எழுத்தில் கொடுத்தால் நாளைக்கு அதுவே வழக்காகும் என்பது அவர் சொன்ன காரணம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

நடந்தது இதுதான். கையிருப்பில் ஒரு சாயம் தீர்ந்ததால் டையிங் பிரிவு வேறொன்றைப் போட்டு ஷேடைச் சரிக்கட்டியது. பகல் வெளிச்சத்துக்கு நிகரான D65 விளக்கில் துணி அச்சாகப் பொருந்தியது. கடை வெளிச்சத்துக்கு நிகரான TL84 விளக்கில் சிவப்படித்தது. சாயக் கலவை மாறினால் இப்படி ஆகும் என்பதால்தான் இரண்டு விளக்கிலும் பார்க்கிறோம். ஆய்வகப் பொறுப்பாளர் கையெழுத்திட மறுத்தார். கப்பல் தேதி நெருங்கியதால் உற்பத்தி மேலாளர் அவரைக் கேளாமலே லாட்டை அனுப்பினார். பையர் திருப்பியதும், கூட்டத்தில் பழி ஆய்வகத்தின் மேல் விழுந்தது. அவர் ராஜினாமா கொடுத்தார்.

அழைத்துப் பேசியபோது அவர் சம்பளத்தைக் கேட்கவில்லை. "அவரு இன்னும் இருக்காருங்களா?" என்று கேட்டார். இருக்கிறார், ஆனால் ஆய்வகக் கையெழுத்து இல்லாமல் இனி எந்த லாட்டும் வெளியேறாது என்றேன். "எழுத்துல குடுப்பீங்களாங்க?" என்றார். அந்த விதியை எழுத்தில் கொடுக்க முடிந்தது. பழையதைப் பற்றி வாயால்தான் சொன்னேன்.

அதற்கு ஈடாக நான் செய்தது பணிக்கொடை விஷயம். சட்டப்படி ஐந்தாண்டுத் தொடர்பணி வேண்டும்; ராஜினாமாவோடு அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். நான்கு ஆண்டு முடித்துச் சில மாதங்களில் விலகியவருக்குக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான், அதற்கு மேல் தரத் தடையில்லை என்று வாதாடி, பழைய பணிக்காலத்தையும் சேர்த்துக்கொள்வதாகக் கடிதத்தில் எழுத வைத்தேன். பணம் செலவாகும் வரிக்கு முதலாளி உடனே ஒப்புக்கொண்டதும், செலவில்லாத வரிக்கு மறுத்ததும் இப்போதும் எனக்கு உறுத்துகிறது. ஒருவேளை எது உண்மையில் விலை கூடியது என்பதை அவர் என்னைவிடச் சரியாகக் கணக்கிட்டிருக்கலாம்.

அவர் வந்து சேர்ந்துவிட்டார். அழைப்பு வெற்றி என்று எங்கள் பிரிவில் பேசிக்கொள்கிறார்கள், நானும் மறுப்பதில்லை. ஆனால் விதி எழுதிய பிறகு அவசர ஏற்றுமதி எதுவும் இன்னும் வரவில்லை, ஆகவே அது தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது. அவருக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது போலும்: ஒவ்வொரு ஷேடு அட்டையிலும் கையெழுத்திட்டவுடன் அதைத் தம் கைபேசியில் படம் எடுத்துக்கொள்கிறார். ஆய்வகத்துக்குள் கைபேசி கூடாது என்பது நானே சுற்றறிக்கை விட்ட விதி. அவரிடம் மட்டும் அதைப் பற்றி நான் பேசுவதில்லை.