கைது நேரம்: மாலை 6.00

கிடங்கில் 42 பண்டல் துணி குறைகிறது என்று முதலாளி புகார் கொடுத்திருந்தார். ஒன்பது வருடமாக அங்கே சரக்குக் கணக்கு எழுதியவன் நான். "சும்மா விசாரணைதான், வந்துட்டுப் போ" என்று ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. காலை 11 மணிக்குப் போய் உட்கார்ந்தேன். மனைவிக்கு வாட்ஸ்அப்பில் "ஸ்டேஷன்ல இருக்கேன், மதியம் வந்துடுவேன்" என்று அனுப்பினேன். அந்த ஒரு வரிதான் பின்னால் எனக்குக் கைகொடுத்தது.

மாலையில் ரைட்டர் ஒரு தாளை நீட்டினார். கைது குறிப்பாணை. கைது செய்த நேரம் என்ற இடத்தில் 6.00 என்று எழுதியிருந்தது. "ஐயா, நான் காலையிலேயே வந்துட்டேனே" என்றேன். "அது விசாரணை, இது கைது. கையெழுத்துப் போடு." போட்டேன். சாட்சியாகக் கூப்பிட்டிருந்த மச்சானும் போட்டார். நேரத்தைப் பற்றி அவருக்கும் அப்போது தோன்றவில்லை.

அப்புறம் சட்டை, பெல்ட், வாட்ச், பர்ஸ், போன் எல்லாவற்றையும் வாங்கிப் பட்டியல் எழுதினார்கள். கடைசியாக ஏட்டு என் இடுப்பைப் பார்த்து, "அரைஞாண் கயிறையும் அறு" என்றார். உள்ளே யாராவது அதில் தூக்கு மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவாம். காரணம் புரிந்தது. ஆனாலும் பிளேடு வைத்து அறுத்தபோதுதான் முதல் தடவையாக அழுகை வந்தது. அம்மா கட்டிவிட்ட கயிறு அது.

லாக்கப் பத்தடிக்கு எட்டடி இருக்கும். மூலையில் இடுப்பளவு சுவர், அதற்குப் பின்னால் கழிப்பிடம். பினாயில் நெடியும் மூத்திர நெடியும் கலந்து தொண்டையில் நின்றது. வெறும் சிமெண்ட் தரை. ராத்திரி முழுக்க லைட்டை அணைக்கவில்லை. பாராவில் நிற்பவருக்கு உள்ளே இருப்பவன் எந்நேரமும் தெரிய வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. "அண்ணா, கம்பிப் பக்கம் தலை வெச்சுப் படுங்க, காத்து வரும்" என்று தள்ளிப் படுத்து இடம் விட்டான். மச்சான் வாங்கிக் கொடுத்த நான்கு இட்லியில் இரண்டை அவனுக்குக் கொடுத்தேன்.

ஒன்பதரை மணிக்கு வக்கீல் வந்தார். கம்பிக்கு வெளியே நின்று அவர் முதலில் கேட்டது வழக்கைப் பற்றி அல்ல. "நீங்க இங்க வந்தது எத்தனை மணிக்கு? அதுக்கு என்ன ஆதாரம் இருக்கு?" மனைவிக்கு அனுப்பிய செய்தியைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. பிடித்துவைத்த ஆளை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும், பயண நேரத்தை மட்டும்தான் அதில் கழிக்கலாம் என்று விளக்கினார். தாளில் உள்ளபடி நாளை மாலை 6 வரை அவர்களுக்கு நேரம் இருக்கிறது. உண்மைப்படி காலை 11 மணியோடு முடிகிறது. இன்னொன்றும் சொன்னார். என் மேல் போட்டிருக்கும் நம்பிக்கை மோசடிப் பிரிவுக்கு ஏழு வருடம் வரைதான் தண்டனை. அப்படிப்பட்ட வழக்கில் முதலில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கைது செய்தால் ஏன் அவசியம் என்று காரணம் எழுத வேண்டும். 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறதாம். எனக்கு நோட்டீஸே வரவில்லை.

அவர் போன பிறகு தூக்கம் வரவில்லை. வாட்ச் இல்லாததால், பாரா மாறும்போது கேட்கிற பூட்ஸ் சத்தத்தை வைத்துத்தான் நேரத்தைக் கணக்குப் போட்டேன். மகள் காலையில் எழுந்து அப்பா எங்கே என்று கேட்டால் மனைவி என்ன சொல்வாள் என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். கூட வந்த போலீஸ்காரரை டாக்டர் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, "அடிச்சாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையும் அதுதான்.

கோர்ட்டில் நிறுத்தியபோது மணி 12.15. போலீஸ் மேல் ஏதாவது புகார் உண்டா என்று மாஜிஸ்திரேட் அம்மா கேட்டார். இந்தக் கேள்விக்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். "அடிக்கலைங்க அம்மா. ஆனா நேத்து காலையில 11 மணியில இருந்து ஸ்டேஷன்லதான் இருக்கேன்." அவர் பேனாவை எடுத்து எழுதினார். வக்கீல் மனைவியின் போனை நீட்டினார். நோட்டீஸ் எங்கே என்று மாஜிஸ்திரேட் எஸ்.ஐ.யைக் கேட்டார். பதில் இல்லை.

ஜாமீன் மனுவை 3 மணிக்கு எடுத்தார்கள். இரண்டு ஜாமீன்தாரர், இரண்டு வாரம் தினமும் காலை 10 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்று உத்தரவானது. வீட்டு வரி ரசீதும் ரேஷன் கார்டுமாக மச்சானும் பெரியப்பாவும் முந்தின ராத்திரியே தயாராக இருந்தார்கள்; அதனால் அன்றே வெளியே வந்தேன். வழக்கு இன்னும் நடக்கிறது.

மறுநாள் கையெழுத்துப் போடப் போனேன். பெயருக்குக் கீழே 9.55 என்று நேரத்தையும் எழுதினேன். ரைட்டர் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.