மார்ச் 4, காலை 10.20

"மேனேஜர் என்னைக் கேவலமாக நடத்துகிறார்" என்றுதான் புகாருக்காக வைத்திருந்த நோட்டில் முதலில் எழுதினேன். பாளையங்கோட்டையில் பக்கத்து வீட்டு அக்கா எச்.ஆர். வேலை பார்த்தவர். "ஏளா, இது உன் கோவம். அவர் சொன்ன வார்த்தையை எழுது" என்று அந்த வரியை அடித்துவிட்டார்.

அப்புறம் இப்படி எழுதினேன்: "மார்ச் 4, செவ்வாய், காலை 10.20, பில்லிங் கவுண்டர். 'உனக்குக் கணக்கே வராது, மாடு மேய்க்கப் போ' என்றார். கேஷியர் பக்கத்தில் நின்றார். அன்று நான் 15 நிமிடம் தாமதமாக வந்திருந்தேன்."

அன்றன்றைக்கு வண்ணார்பேட்டை பஸ்ஸிலேயே எழுதிவிடுவேன், சொந்த நோட்டில். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைத்தால், வேலையை விட்டு நிறுத்தும் நாளில் அது நம் கையில் இருக்காதே! ஆறு வாரத்தில் ஒன்பது பதிவுகள்.

புகாரோடு போனதும் எங்கள் ஆபீஸ் எச்.ஆர். முதலில் கேட்டது, "நீங்க லேட்டா வந்ததாலதானே திட்டினார்?" நோட்டைத் திருப்பிக் காட்டினேன். மற்ற எட்டு நாளும் நேரத்துக்கு வந்திருக்கிறேன்.