ஒரே நாளில் நின்றுபோன பீரியட்ஸ்

பத்தாவது வாரத்தில் கரு கலைந்தது. உள்ளே மிச்சம் தங்கிவிட்டது என்று, கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி செய்தார்கள். அதற்கு முன்பு எனக்கு ஐந்து நாள் போகும். இரண்டாம் நாள் நான்கு நாப்கின் மாற்றுவேன். அதற்குப் பிறகு வந்ததோ ஒரு நாள்தான். நாப்கினில் பழுப்பாக ஒரு கோடு, மறுநாள் ஒன்றுமில்லை. ஆனால் அடிவயிற்று வலி மட்டும் பழையபடி இரண்டு நாள் இருந்தது. உடம்பு தேற வேண்டும், சரியாகிவிடும் என்றார்கள். நானும் நான்கு மாதம் காத்திருந்தேன். அவ்வளவு காத்திருந்திருக்கக் கூடாது.

டாக்டர் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொன்னார். லேசான கசிவைப் பீரியட்ஸ் என்று நினைத்துக் கர்ப்பத்தைக் கவனிக்காமல் விடுபவர்கள் உண்டாம். அது இல்லை என்றானதும் தைராய்டு, புரோலாக்டின், எஃப்.எஸ்.எச். என்று ஹார்மோன்களைப் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தன. கருமுட்டையும் மாதாமாதம் வெளியாகிக்கொண்டிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது, டாக்டருக்கு இல்லை. "ஹார்மோன் சரியாக இருந்தும் ரத்தம் வரவில்லை என்றால், கோளாறு கர்ப்பப்பையில்தானம்மா இருக்க வேண்டும்" என்றார்.

சுழற்சியின் நடுவில் எடுத்த ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்படலம் 4 மில்லிமீட்டர்தான் இருந்தது. அந்த நாட்களில் அதைப் போல இரண்டு மடங்காவது தடித்திருக்க வேண்டும். சுரண்டும்போது படலத்தின் அடி அடுக்கு காயப்பட்டால், எதிரெதிர்ச் சுவர்கள் தழும்பால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் படலம் வளராது, அதனால் உதிரவும் எதுவும் இருக்காது. இதற்குப் பெயர் ஆஷர்மன் சின்ட்ரோம். சாதாரண ஸ்கேனில் ஒட்டல் தெளிவாகத் தெரியாது. கேமரா விட்டுப் பார்த்தால்தான் உறுதியாகும்.

ஹிஸ்டெராஸ்கோப்பி செய்தார்கள். வயிற்றில் கீறல் இல்லை, கர்ப்பப்பை வாய் வழியாகவே கேமரா போகிறது. பிறகு படத்தைக் காட்டினார்: இளஞ்சிவப்புக் குழிக்குள் குறுக்கே வெள்ளையாக இரண்டு பட்டைகள், பக்கத்தில் சிலந்தி வலை போல மெல்லிய இழைகள். சின்னக் கத்தரியால் அவற்றை வெட்டிவிட்டார். மறுபடி ஒட்டாமலிருக்கச் சில நாள் உள்ளே ஒரு பலூன் வைத்தார்கள், படலம் வளர ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் தந்தார்கள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பப் பார்த்ததில் ஓரத்தில் ஒரு மெல்லிய இழை மட்டும் இருந்தது, அதையும் நீக்கினார்கள். தழும்பு தடித்து எங்கும் பரவியிருந்தால் இவ்வளவு எளிதில் முடிந்திருக்காது.

எனக்கு நடந்ததை எல்லோருக்கும் பொருத்திவிட வேண்டாம். வயசுக்கு வந்ததிலிருந்தே இரண்டு நாள் மட்டும் போகிறவர்களுக்கு அதுவே இயல்பாக இருக்கலாம். கருத்தடை மாத்திரையோ ஹார்மோன் கருத்தடைச் சாதனமோ பயன்படுத்தினால் படலம் மெலிந்து போக்கு குறைவது எதிர்பார்த்ததுதான். என் விஷயத்தில் துப்பு கொடுத்தது, கர்ப்பப்பையைச் சுரண்டிய பிறகு போக்கு சட்டென்று குறைந்ததும் வலி குறையாததும்தான்.

இப்போது மூன்று நாள் போகிறது. அடுத்த முறை கருத்தரித்தால் நஞ்சுக்கொடி ஆழமாகப் பதிய வாய்ப்பு உண்டு, ஸ்கேன் எடுப்பவரிடம் இந்த அறுவையைக் கட்டாயம் சொல்லுங்கள் என்றார் டாக்டர். கேமராப் படத்தை என் ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.